பையனைப் பின்னாடி நிறுத்திட்டாங்களா?



போன வாரம் ராத்திரி ஒரு போன். என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்கு படித்தவன், இப்போது துறைமுகத்தில் வேலை பார்க்கிறான்.

"சார், பையனை ஃபுட்பால் டீம்ல சேத்தேன். பின்னாடி நிறுத்திட்டாங்க சார். கோச்சுகிட்ட பேசி முன்னாடி மாத்தச் சொல்லலாமான்னு பாக்கேன்."

"பின்னாடின்னா எங்கல?"

"லெஃப்ட் பேக்காம் சார்."

பையனுக்குப் பதிமூன்று வயது. "கோல் அடிக்கத் தெரியாதவனைத்தான் அங்க நிறுத்துவாங்க" என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு நாளாக அவன் பயிற்சிக்கே போகவில்லையாம். இதே வருத்தத்தோடு வேறு சில பெற்றோரும் இருப்பீர்கள் என்பதால், அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். கோச் "4-4-2" என்பார். கூட்டிப் பாருங்கள், பத்து வரும். கோல்கீப்பரைச் சேர்ப்பதில்லை. நம் கோல் பக்கமிருந்து எண்ண வேண்டும். பின்னால் டிஃபெண்டர் நாலு பேர், நடுவில் மிட்ஃபீல்டர் நாலு பேர், முன்னால் ஃபார்வர்டு ரெண்டு பேர். பின்வரிசை நாலு பேரில் நடுவில் நிற்கும் ரெண்டு பேர் சென்டர் பேக். இந்த ஓரம் ரைட் பேக், அந்த ஓரம் லெஃப்ட் பேக். 4-3-3 என்றாலும் பின்வரிசை அதே நாலுதான். நடுவிலிருந்து ஒருவர் முன்னால் போயிருக்கிறார், அவ்வளவே. சின்னப் பிள்ளைகள் ஏழு பேராக ஆடும்போது 2-3-1 என்று நிறுத்துவார்கள். கணக்கு ஒன்றுதான்.

இனி லெஃப்ட் பேக்கின் வேலைக்கு வருவோம். சாயங்காலம் தருவை மைதானம் பக்கம் நடக்கப் போனால், பையன்கள் ஆடுவதை நின்று பார்ப்பது என் வழக்கம். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பந்து நம் வலது ஓரத்தில் இருந்தது. இடது ஓரத்தில் நின்ற லெஃப்ட் பேக் பையனைப் பார்த்து, கோட்டுக்கு வெளியே நின்ற அப்பா, "ஏறு, ஏறு! எவ்வளவு நேரம் அங்கேயே நிப்ப?" என்று கத்தினார். பையன் நடுக்கோட்டைத் தாண்டி ஓடினான். அதே நேரம் நடுவில் பந்து பறிபோனது. எதிரணிக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். இடது ஓரம் காலியாகக் கிடந்தது. குறுக்கே நீளமாக ஒரு பாஸ். ஓடிவந்தவனைத் தடுக்க நம் சென்டர் பேக் ஒருவன் ஓரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அவன் விட்டுப்போன இடம் கோலுக்கு நேர் எதிர். அங்கே எதிரணி ஃபார்வர்டு தனியாக நின்றான். கோல்!

எல்லோரும் கோல்கீப்பரைத் திட்டினார்கள். ஓட்டை விழுந்தது அவனிடமா?

"அப்போ லெஃப்ட் பேக் ஏறவே கூடாதா சார்?" என்று கேட்டான் என் மாணவன். தாராளமாக ஏறலாம். அதற்கு ரெண்டு விஷயம் வேண்டும். பந்து நம் ஆள் காலில் பத்திரமாக இருக்க வேண்டும். அவனுக்கு முன்னால் ஆடும் இடது மிட்ஃபீல்டர் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவன் ஏறினால் ஒருவன் இறங்க வேண்டும். பந்து எதிர் ஓரத்தில், எதிரணியிடம் இருந்தால், லெஃப்ட் பேக் தன் ஓரக்கோட்டை விட்டு உள்ளே வந்து சென்டர் பேக்குக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் சும்மா நிற்பதுபோல் தெரியும். உண்மையில் அந்த நடு இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கிறான்.

பயந்துபோய் ரொம்பப் பின்னால் நின்றாலும் ஆபத்துதான். காரணம் ஆஃப்சைடு. பாஸ் கொடுக்கும் நொடியில், நம் பாதியில் நிற்கும் எதிரணி ஆள், பந்தையும் தாண்டி, நம் கடைசி ரெண்டு பேரில் முன்னால் நிற்பவரையும் தாண்டி, கோல் கோட்டுக்கு அருகில் நின்று அந்தப் பந்தை ஆடினால் ஆஃப்சைடு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். அதனால் மற்ற டிஃபெண்டர்களில் யார் ஆகப் பின்னால் நிற்கிறானோ, அவன் நிற்கும் இடம்தான் எல்லை. மூன்று பேர் ஒரே வரிசையில் முன்னேறி, லெஃப்ட் பேக் மட்டும் ரெண்டடி பின்தங்கினால், அந்த ரெண்டடிக்குள் நிற்கும் எதிரணி ஃபார்வர்டுக்கு ஆஃப்சைடு கிடையாது. லைன்ஸ்மேன் கொடி தூக்க மாட்டார்.

நம் கரையில் கரைவலை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். ரெண்டு பக்கக் கயிறும் ஒரே சீராக வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலும் பிந்தினாலும் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும். பின்வரிசை நாலு பேரும் அப்படித்தான். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும் பையனை "கோல் அடிக்கத் தெரியாதவன்" என்றால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்ற கடற்கரை ஊர்க்காரர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் முன்னேறித் தாக்கி ஆடிப் பெயர் வாங்கியவர். 2019-ல் அவர் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். அங்கே கோச் அந்தோனியோ ஹபாஸ் ஆடவைத்தது 3-5-2. பின்னால் சென்டர் பேக் மூன்று பேர், நடுவில் ஐந்து பேர், முன்னால் ரெண்டு பேர். அந்த ஐந்தில் ரெண்டு ஓரத்து ஆட்களுக்கு விங் பேக் என்று பெயர். பந்து நம்மிடம் இருந்தால் எதிரணிக் கோல் வரைக்கும் ஓட வேண்டும். பறிபோனால் திரும்ப ஓடிவந்து பின்வரிசையில் சேர வேண்டும். அப்போது பின்னால் மூன்று ஐந்தாகிவிடும். சூசைராஜை ஹபாஸ் நிறுத்தியது இடது விங் பேக் இடத்தில். முன்னால் ஆடியவரைப் பின்னால் இறக்கிவிட்டார்கள் என்று அங்கே யாரும் ஒதுக்கவில்லை. அந்த சீசனில், 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் நம் சென்னையின் அணியை 3-1 என்று வென்று ஏடிகே கோப்பையை எடுத்தது.

அதற்காக கோச் சொல்வதெல்லாம் வேதம் என்று சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளையை வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிறுத்தினாலோ, எந்த ஆட்டத்திலும் இறக்காமல் உட்காரவைத்தாலோ, கட்டாயம் போய்க் கேளுங்கள். அந்த வயதில் எல்லா இடத்திலும் ஆடிப் பார்க்க வேண்டும். ஆனால் "ஏன் பின்னாடி நிறுத்தினீங்க?" என்று கேட்காதீர்கள். "பந்து நம்மகிட்ட இல்லாதப்போ இவன் எங்க நிக்கணும்?" என்று கேளுங்கள். பதிலைத் தெரிந்துகொண்டால், அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு உங்கள் பிள்ளையைப் பார்க்கத் தோன்றும்.

மைதானத்தில் கத்தாதீர்கள். கோச்சும் அப்பாவும் ஒரே நேரத்தில் வெவ்வேறாகச் சொன்னால், பிள்ளை அப்பா சொன்னதைத்தான் கேட்கும். அப்புறம் ஓட்டை விழும்.

என் மாணவன் கடைசியில், "சார், கோச்சுகிட்ட பேசல. முதல்ல பையன்கிட்ட பேசுதேன்" என்றான். முந்தாநாள் பையன் பயிற்சிக்குப் போயிருக்கிறான். திரும்பி வந்து, "தாத்தா சொன்ன கரைவலை எனக்குப் புரியுதுப்பா, ஆனா எங்க ரைட் பேக்குக்குப் புரியலயே!" என்றானாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த இடத்தில் ஆடுகிறது? கீழே எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன்.