கவனம் இருக்கும்வரைதான் காசு... மீம்காயின்கள் எப்படி ஏறுகின்றன, ஏன் காணாமல் போகின்றன?

2021 மே 8, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் புகழ்பெற்ற 'சாட்டர்டே நைட் லைவ்' காமெடி நிகழ்ச்சியை அன்று தொகுத்து வழங்கியவர் எலான் மஸ்க். பல மாதங்களாக டோஜ்காயினைப் பற்றி ட்வீட் போட்டுக்கொண்டிருந்த அவர், டி.வி-யிலும் அதைப் பற்றிப் பேசுவார் என்று வாங்கி வைத்தவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த வருடம் ஜனவரியில் ஒரு சென்ட்கூட இல்லாத டோஜ்காயின், நிகழ்ச்சிக்கு முன்பு 70 சென்ட்டைத் தாண்டியிருந்தது. புழக்கத்தில் இருந்த காயின்களின் மொத்த மதிப்பு இந்திய ரூபாயில் 6 லட்சம் கோடிக்கும் மேல்.

மஸ்க் பேசினார். நிதி நிபுணர் வேடத்தில் வந்த அவரிடம், 'டோஜ்காயின் என்றால் என்ன?' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில், அது ஒரு ஏமாற்று வேலைதானே என்ற கேள்விக்கு, ஆமாம் என்று சிரித்தபடியே ஒப்புக்கொண்டார். நிகழ்ச்சி முடிவதற்குள் விலை கடகடவென்று சரிந்தது. அடுத்த வருடம் ஜூனில் அது 7 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது.

அவர் கிண்டல் செய்ததால் விலை விழுந்ததா? அதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த இரவுக்காகக் காத்திருந்த கடைசி ஆளும் அதற்குள் வாங்கி முடித்திருந்தார். அடுத்து எதிர்பார்க்க எதுவும் இல்லை.

கேலிக்குப் பிறந்த காயின்

டோஜ்காயின் 2013 டிசம்பரில் பிறந்தது. பில்லி மார்க்கஸ், ஜாக்சன் பால்மர் என்ற இரண்டு சாஃப்ட்வேர்காரர்கள், அப்போது தினம் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த கிரிப்டோ காயின்களைக் கேலி செய்யவே இதை உருவாக்கினார்கள். முகப்பில், ஜப்பானைச் சேர்ந்த கபோசு என்ற ஷிபா இனு நாயின் படம். ஏற்கெனவே இருந்த ஒரு காயினின் நிரலை எடுத்து, கொஞ்சம் மாற்றி வெளியிட்டார்கள். மார்க்கஸ் தன்னிடம் இருந்ததை எல்லாம் 2015-லேயே விற்றுவிட்டார். அதில் கிடைத்தது ஒரு பழைய ஹோண்டா சிவிக் கார் வாங்கும் அளவு பணம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினால், அந்தக் கம்பெனியின் லாபத்தில் உரிமை வருகிறது. வீடு வாங்கினால் வாடகை வரும். மீம்காயினுக்கு இப்படி எதுவும் கிடையாது. அதை வைத்திருப்பவருக்குப் பணம் வர ஒரே வழி, அவரைவிட அதிக விலை கொடுக்க இன்னொருவர் வருவது. அந்த இன்னொருவருக்கு முதலில் அப்படி ஒரு காயின் இருப்பதே தெரிய வேண்டும். அதனால்தான் இங்கே கவனம் என்பது விளம்பரம் மட்டுமல்ல; அதுதான் சரக்கே.

வடை காயின் கணக்கு

கவனம் எப்படி விலையாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் காயினை எடுத்துக்கொள்ளலாம். பெயர் 'வடை காயின்'. ஒருவர் 10 லட்சம் வடை காயின்களை உருவாக்குகிறார். இதற்கு இன்று நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பெயர், படம் கொடுத்தால் சில நிமிடங்களில் காயினை உருவாக்கித் தரும் பம்ப்.ஃபன் போன்ற தளங்கள் இருக்கின்றன.

புதிய காயின்கள் பெரும்பாலும் ஒரு பொதுத் தொட்டியில்தான் விற்கப்படுகின்றன. 'லிக்விடிட்டி பூல்' என்பார்கள். நம் ஆள் அந்தத் தொட்டியில் 1 லட்சம் வடை காயினும், 1 லட்சம் ரூபாய் பணமும் போடுகிறார். மீதி 9 லட்சம் காயின் அவர் கையில். இப்போது ஒரு காயினின் விலை 1 ரூபாய்.

தொட்டிக்கு ஒரே ஒரு விதிதான். உள்ளே இருக்கும் காயின்களின் எண்ணிக்கையையும் ரூபாயையும் பெருக்கினால் எப்போதும் ஒரே விடை வர வேண்டும். இங்கே அது 1,000 கோடி. யாராவது பணம் போட்டால், அந்த விடை மாறாத அளவுக்குக் காயின் வெளியே வரும். கட்டணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வடை காயின் பற்றிய ஒரு வீடியோ வைரலாகிறது. அதைப் பார்த்துவிட்டு ரகு என்பவர் 1 லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறார். தொட்டியில் இப்போது 2 லட்சம் ரூபாய். பெருக்கல் விடை மாறக் கூடாது என்பதால் உள்ளே 50,000 காயின்தான் மிஞ்சும். மீதி 50,000 காயின் ரகுவுக்கு வந்துவிட்டது. 2 லட்சம் ரூபாய்க்கு 50,000 காயின் என்றால், விலை 4 ரூபாய்.

இங்கேதான் கண்கட்டு வித்தை நடக்கிறது. மொத்தம் 10 லட்சம் காயின், ஒன்று 4 ரூபாய். ஆக, வடை காயினின் 'சந்தை மதிப்பு' 40 லட்சம் ரூபாய் என்று செயலியில் மின்னும். வெளியிலிருந்து வந்ததோ 1 லட்சம் ரூபாய் மட்டும். தொட்டியில் உண்மையாக இருப்பது 2 லட்சம். 'ஒரே நாளில் நான்கு மடங்கு' என்ற தலைப்போடு அடுத்த வீடியோ வரும். விலை ஏறியதே ஒரு செய்தியாகி, அந்தச் செய்தியே இன்னும் பலரைக் கூட்டி வரும்.

இப்போது உருவாக்கியவர் தன் 9 லட்சத்தில் பாதியை, அதாவது 4.5 லட்சம் காயினைத் தொட்டியில் போட்டு விற்கிறார். உள்ளே 5 லட்சம் காயின் ஆகிவிட்டது. பெருக்கல் விதிப்படி தொட்டியில் 20,000 ரூபாய்தான் மிஞ்ச வேண்டும். 1,80,000 ரூபாயோடு அவர் நடையைக் கட்டுகிறார். காயின் விலை 4 பைசா. 1 லட்சம் ரூபாய் போட்ட ரகு, பதறிப்போய் தன் 50,000 காயினையும் விற்றால் கைக்கு வருவது சுமார் 1,818 ரூபாய்.

இதில் யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தது. பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் தொட்டிக்குப் பதிலாக, என்ன விலைக்கு வாங்குவேன், விற்பேன் என்று வரிசையில் நிற்பவர்களின் பட்டியல் இருக்கும். ஆனால் வாங்கும் வரிசை சின்னதாகவும், விற்பவர் கையில் மூட்டை பெரியதாகவும் இருந்தால் அங்கேயும் இதே கதைதான்.

மனைவியே போட்டியான கதை

கவனம் அளவுக்கு உட்பட்டது என்பதற்கு 2025 ஜனவரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. பதவியேற்புக்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 17 அன்று டொனால்ட் ட்ரம்ப் தன் பெயரிலேயே ஒரு மீம்காயினை வெளியிட்டார். மொத்தம் 100 கோடி காயின். அதில் 80 கோடி, ட்ரம்ப்புடன் தொடர்புடைய நிறுவனங்களின் கையில். அதை மூன்று ஆண்டுகளில் படிப்படியாக வெளியே விடலாம் என்பது ஏற்பாடு. இரண்டே நாளில் விலை 70 டாலரைத் தாண்டியது.

ஜனவரி 19 அன்று மெலனியா ட்ரம்ப் தன் பெயரில் இன்னொரு காயினை அறிவித்தார். உடனே ட்ரம்ப் காயினின் விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ட்ரம்ப்பைப் பற்றிக் கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கண்கள் வேறு பக்கம் திரும்பின, அவ்வளவுதான். ஏப்ரலில் 10 டாலருக்கும் கீழே போன பிறகு, அதிகம் வைத்திருக்கும் 220 பேருக்கு ட்ரம்ப்புடன் விருந்து என்ற அறிவிப்பு வந்தது. விலை 50 சதவிகிதத்துக்கு மேல் துள்ளியது. மே 22-ல் விருந்து முடிந்தது. அந்தத் துள்ளலும் அடங்கியது. உலகின் மிகப் பிரபலமான மனிதரின் காயினுக்கே அடிக்கடி புதிய காரணம் தேவைப்படுகிறது என்றால், வடை காயினின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

நின்ற இடத்தில் நிற்கவே புதுப் பணம் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். டோஜ்காயினில் நிமிடத்துக்கு 10,000 புதிய காயின்கள் உருவாகின்றன. ஒரு நாளைக்கு 1 கோடியே 44 லட்சம். விலை 70 சென்ட் இருந்தபோது அவற்றை எல்லாம் விற்றால், விலை இறங்காமல் தாங்கவே தினமும் சுமார் 1 கோடி டாலர் புதிதாக வந்திருக்க வேண்டும். அத்தனை பேரைத் தினமும் புதிதாகக் கூட்டி வர எந்த மீமாலும் முடியாது. மீம் என்றாலே பழசாகிவிடும் ஜோக்தானே!

பத்து வருடத்துக்கு மேல் டோஜ்காயின் தாக்குப்பிடித்தது விதிவிலக்கு. அது வந்தபோது கூட்டம் குறைவு. தொடங்கியவர்கள் பெரிய மூட்டையைத் தங்களுக்கென ஒதுக்கிக்கொள்ளவில்லை. பெரிய எக்ஸ்சேஞ்சுகள் எல்லாவற்றிலும் இடம் கிடைத்தது. இன்று பிறக்கும் லட்சக்கணக்கான காயின்களுக்கு இந்த மூன்றுமே கிடையாது.

எதைப் பார்த்தால் தெரியும்?

சந்தை மதிப்பை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. பக்கத்திலேயே 'Liquidity' என்று ஓர் எண் இருக்கும். அதுதான் தொட்டியில் உள்ள பணம். சந்தை மதிப்பு 40 லட்சம், தொட்டியில் 2 லட்சம் என்றால், எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேற முடியாது என்று அர்த்தம். தொட்டியில் உள்ள பணத்தை உருவாக்கியவர் திடீரென உருவிவிட முடியாதபடி பூட்டியிருக்கிறாரா என்பதும் முக்கியம்.

அடுத்து, யாரிடம் எவ்வளவு காயின் இருக்கிறது என்ற பட்டியல். Solscan, Etherscan போன்ற தளங்களில் இதை யாரும் பார்க்கலாம். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரே ஆள் ஐம்பது வாலட்களில் பிரித்து வைத்திருந்தால், ஐம்பது பேர் வைத்திருப்பதுபோலவே தெரியும். காயின் வெளியான முதல் சில நொடிகளில் வாங்கிய வாலட்கள், ஒரே இடத்திலிருந்து பணம் பெற்றிருந்தால் சந்தேகப்படலாம்.

கடைசியாக, விற்க முடிகிறதா? 2021 அக்டோபரில், 'ஸ்க்விட் கேம்' தொடரின் பெயரை அனுமதியில்லாமல் பயன்படுத்தி ஒரு காயின் வந்தது. ஒரு சென்ட்டில் தொடங்கி, சில நாள்களில் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களில் பெரும்பாலோரால் விற்க முடியவில்லை. நிரலே அப்படி எழுதப்பட்டிருந்தது. யாரும் விற்காததால் விலை ஏறிக்கொண்டே போனது. நவம்பர் 1 அன்று உருவாக்கியவர்கள் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். சில நிமிடங்களில் விலை பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது.

அந்த நிமிடம் வரை, வைத்திருந்த ஒவ்வொருவரின் செயலியிலும் பெரிய தொகை ஒன்று காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளத்தான் யாருக்கும் வழி இல்லை.