பில் அனுப்பியாச்சு... பணம் எப்போ வரும்?

“அக்கவுன்ட்ஸ்ல சொல்லிட்டேன் மேடம், அடுத்த வாரம் வந்துடும்.” வீட்டிலிருந்தபடியே டிசைனிங், மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங் என ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களுக்குப் பழகிப்போன பதில் இது. இந்த இழுபறிக்குப் பல நேரம் வழிவிடுவது, கொட்டேஷனில் இருக்கும் ‘வேலை முடிந்ததும் மீதித் தொகை’ என்கிற வரிதான். வேலை முடிந்ததா, இல்லையா என்பதை க்ளையன்ட் சொல்லாதவரை அந்த நாள் வரவே வராது.

40,000 ரூபாய்க்கு ஒரு பிரவுச்சர் வேலை என்று வைத்துக்கொள்வோம். 20,000 ரூபாய் அட்வான்ஸ் வந்தபிறகே வேலையைத் தொடங்கலாம். முதல் டிசைனை வாட்டர்மார்க் போட்டு அனுப்பலாம். ‘7 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாகத் திருத்தம் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும், அப்போது 10,000 ரூபாய் தர வேண்டும்’ என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி 10,000 ரூபாய் கைக்கு வந்ததும் அச்சுக்கான ஃபைலைக் கொடுக்கலாம். க்ளையன்ட் பாதியில் மௌனமாகிவிட்டாலும், பாதிப் பணமாவது கையில் இருக்கும்.

பெரிய நிறுவனங்கள் சில, அட்வான்ஸே தராது. அங்கே கைகொடுப்பது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். udyamregistration.gov.in தளத்தில் ஆதார், பான் எண் கொடுத்து இலவசமாகப் பதிவு செய்யலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்துவிடுவது முக்கியம். பிறகு பதிந்தால், பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது சிக்கலாகும்.

இந்தச் சட்டப்படி, எழுத்தில் கெடு எதுவும் இல்லையென்றால் 15 நாள்களில் பணம் தர வேண்டும். எழுதிக்கொண்டாலும் 45 நாள்களைத் தாண்டக் கூடாது. 90 நாள் என்று ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் செல்லாது. வேலையைக் கொடுத்த 15 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். மார்ச் 1-ல் கொடுத்த வேலைக்கு ஏப்ரல் 15-தான் கடைசிக் கெடு. அதன்பிறகு ரிசர்வ் வங்கியின் ‘பேங்க் ரேட்’டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும்.

தாமதக் கட்டணத்தை நீங்களே விதிப்பதென்றால், வேலை தொடங்கும் முன்பே சம்மதம் வாங்கிவிடுங்கள். மாதம் 1.5 சதவிகிதம் என்றால் 10,000 ரூபாய்க்கு 150 ரூபாய்தான். ஆனால், பில்லில் திடீரென அதைச் சேர்த்தால், மொத்த பில்லையே நிறுத்திவைக்க அது காரணமாகிவிடும்.

கெடு தாண்டினால் முதலில் பில் எண், வேலை கொடுத்த தேதி, வட்டித்தொகை மூன்றையும் குறிப்பிட்டு ஒரு மெயில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், இந்தச் சட்டத்தின்கீழ் மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்கக் குழுவிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். அதன்பிறகு அந்த க்ளையன்ட்டிடமிருந்து அடுத்த வேலை வருவது சந்தேகம்தான். அதனால், பில் அனுப்பும் அன்றே, “இதை பாஸ் செய்பவர் யார், பி.ஓ. எண் தேவையா?” என்று கேட்டுவிடுங்கள். “பி.ஓ. எண் இல்லையே” என்ற பதில், பெரும்பாலும் 30-வது நாளில்தான் வரும்.