அளவு மட்டும் பார்த்து அழிக்காதீர்கள்

புது விண்டோஸ் லேப்டாப் வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்ததும் தங்களுக்கு வேண்டியதை ஏற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பாக ஏற்கெனவே என்னென்ன ஏறியிருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கருவிக்குள் நாம் கேட்காத நிரல்கள் இருப்பதற்குக் காரணம் எளிமையானது. லேப்டாப்பில் தங்கள் மென்பொருளை முன்கூட்டியே ஏற்றித் தரச்சொல்லி மென்பொருள் நிறுவனங்கள் தயாரிப்பாளருக்குப் பணம் தருகின்றன. முதன்மையாக வருவது சில வாரங்களோ மாதங்களோ மட்டும் இலவசமாக ஓடும் ஆன்டிவைரஸ். அப்புறம் விளையாட்டுகள், வாங்கச்சொல்லி நச்சரிக்கும் ‘சலுகை’ நிரல்கள், தயாரிப்பாளரின் சொந்தச் சரக்குகள்.

கல்லூரி சேரும் என் தங்கை மகளுக்குப் போன வாரம் லேப்டாப் வந்தது. Settings திறந்து, Apps, அதற்குள் Installed apps போய், Sort by என்பதில் பெரியதிலிருந்து சிறியது என்று வரிசைப்படுத்தச் சொன்னேன். பட்டியல் வந்ததும் அவள் கேட்டாள்: “மாமா, மேல இருக்கிறதையெல்லாம் தூக்கிட்டா போதுமா?” பலரும் கேட்கும் கேள்வி இது. போதாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

அந்தப் பட்டியலில் பெயருக்கு நேரே தெரியும் அளவை, சாதாரண நிரல்களைப் பொறுத்தவரை, விண்டோஸ் அளந்து சொல்வதில்லை. நிரல் ஏறும்போது அதன் நிறுவி, தான் இவ்வளவு இடம் எடுப்பதாக ரெஜிஸ்ட்ரியில் EstimatedSize என்ற பெயரில் ஓர் எண்ணை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதை எடுத்துக் காட்டுகிறது. எழுதாமல் விட்ட நிரலுக்கு நேரே எதுவுமே இருக்காது. அப்படி அளவில்லாத நிரல்கள் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிரல் ஏறிய பிறகு அது இறக்கிக்கொண்ட கோப்புகளும் அந்த எண்ணில் சேராது. எனவே அளவுப் பட்டியலை மேலிருந்து பார்க்கிற அதே கவனத்தோடு, அளவே இல்லாத வரிகளையும் பார்க்க வேண்டும்.

பழைய Control Panel பட்டியலையும் ஒருமுறை திறந்துவிடுவது என் வழக்கம். விண்டோஸ் விசையையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, இதைத் தட்டினால் வந்துவிடும்:

```
appwiz.cpl
```

ஸ்டோரிலிருந்து வரும் செயலிகள் இதில் தெரியாது. அது இதன் குறை. ஆனால் Publisher என்ற தலைப்பைச் சொடுக்கினால், ஒரே நிறுவனத்தின் நிரல்கள் ஒன்றாகக் கூடிவிடும். வேண்டாததை அடையாளம் காண அளவைவிட இது உதவுகிறது. தங்கை மகளின் லேப்டாப்பில் ஆன்டிவைரஸ் ஒரே வரியாக இல்லை. முதன்மை நிரல் ஒன்று, உலாவிக்கான துணை நிரல் ஒன்று என்று அதே நிறுவனத்தின் பெயரில் தனித்தனியே இருந்தன. அளவு வரிசையில் அவை ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் கிடந்தன.

ஆன்டிவைரஸை நீக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். Uninstall கொடுத்து, கேட்டால் மறுதொடக்கம் செய்துவிட்டு, Windows Security திறந்து Virus & threat protection பகுதியைப் பாருங்கள். வேறொரு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். அது போனதும் தானே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். நீக்கிய பிறகும் பழைய பெயரே அங்கே தெரிகிறதென்றால் நிரல் முழுதாகப் போகவில்லை என்று பொருள். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பல இதற்கென்றே தனி நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதை இறக்கி ஒருமுறை ஓட்டிவிட்டால் மிச்சமும் போய்விடும். எங்களுக்கு அந்தக் கருவி தேவைப்பட்டது.

ஆன்டிவைரஸை நீக்கியதால் எவ்வளவு இடம் மிஞ்சியது என்று பார்த்தால், 512 ஜிபி வட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. (அந்த வட்டு விண்டோஸில் சுமார் 476 ஜிபி என்றே தெரியும், தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. யாரும் திருடவில்லை.) உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கருவி தொடங்கும்போதே சேர்ந்து தொடங்கி, பின்னணியில் ஓடி, நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போகிறது. Ctrl, Shift, Esc மூன்றையும் அழுத்தி Task Manager திறந்து, Startup apps பகுதியைப் பார்த்தால் யார் யார் அப்படித் தொடங்குகிறார்கள் என்று தெரியும். அளவில் சிறியவை பல அங்கே இருக்கும்.

சிறியது என்பதால் தீங்கில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2014, 2015 காலத்தில் லெனோவோவின் சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் முன்பே ஏற்றப்பட்டு வந்தது. இணையப் பக்கங்களுக்கு நடுவே விளம்பரம் செருகுவது அதன் வேலை. பூட்டுப்போட்ட வங்கித் தளங்கள் போன்றவற்றுக்குள்ளும் நுழைவதற்காக, அது தன் சொந்த ரூட் சான்றிதழ் ஒன்றை விண்டோஸில் பதித்துவிட்டது. எல்லாக் கருவிகளிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் அந்தச் சாவி வெளியே வந்துவிட்டது. அதைக் கையில் வைத்திருக்கும் எவரும் போலியான வங்கித் தளத்தை உண்மையானதுபோல் அந்த லேப்டாப்புக்குக் காட்டியிருக்க முடியும். இதில் நாம் கவனிக்க வேண்டியது, நிரலை Uninstall செய்தாலும் சான்றிதழ் அப்படியே இருந்தது என்பதுதான். அதையும் அகற்ற லெனோவோ தனிக் கருவி வெளியிட வேண்டியிருந்தது. அமெரிக்க வணிக ஆணையத்தோடு 2017-இல் அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

இனி, கை வைக்கக் கூடாதவை. Microsoft Visual C++ Redistributable என்று ஆண்டுகளோடு பல வரிகள் தெரியும். மற்ற நிரல்கள் அவற்றை நம்பி ஓடுகின்றன. WebView2 Runtime-உம் அப்படியே. ஒலி, திரை, டச்பேட் சார்ந்த பெயர்களையும், Hotkey என்ற சொல் வரும் தயாரிப்பாளர் நிரலையும் விட்டுவிடுங்கள்; பின்னதை எடுத்தால் வெளிச்சம் கூட்டும் Fn விசை வேலை செய்யாமல் போகலாம். லேப்டாப்போடு நிரந்தர உரிமத்துடன் ஆஃபீஸ் வந்திருந்தால், அதை முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் செயல்படுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று கூடவே வந்த மொழிப் பதிப்புகளை நீக்கலாம்.

ஒன்று மிச்சம். ஸ்டோர் செயலிகளை நீக்கினால் பெரும்பாலும் உங்கள் கணக்கிலிருந்து மட்டுமே போகும். வீட்டில் இன்னொருவருக்குப் புதிய கணக்கு திறந்தால் அதே விளையாட்டுகள் அங்கே மீண்டும் முளைக்கலாம். ஏனென்றால் மூலப் பிரதி விண்டோஸிலேயே இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல் திறந்து, இதைக் கொடுத்தால் அப்படி ஒதுக்கிவைத்தவற்றின் பெயர்கள் தெரியும்:

```
Get-AppxProvisionedPackage -Online | Select-Object DisplayName
```

பெயர் புரியாத எதையும் அங்கே நீக்காதீர்கள். புதிய லேப்டாப்பில் ஒரு நாளில் ஒரு நிரலை மட்டும் நீக்கி, மறுதொடக்கம் செய்து, ஒலி, கேமரா, வைஃபை, Fn விசைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நீக்கியவற்றின் பெயர்களை ஒரு தாளில் குறித்துவையுங்கள். கோளாறு வந்தால் எதை மீண்டும் ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேட அந்தத் தாள்தான் உதவும்.