மைதானத்தில் எழும் முழக்கம்

வட நகரங்களில் பள்ளி விளையாட்டு விழாக்கள் நெருங்கும் பருவத்தில் இப்பகுதிக்கு வரும் மடல்களில் ஒரு வகை உண்டு. டில்லியிலிருந்து அன்னையார் ஒருவர் எழுதியிருப்பது அவ்வகையைச் சார்ந்தது. அவருடைய மகள் தன் பள்ளியில் ராமன் இல்லத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப் பெற்றிருக்கிறாள். விழா நாளன்று இல்லத்துப் பிள்ளைகள் இருநூற்றுவர் ஒருங்கே முழங்குவதற்கு வாசகம் வேண்டுமாம். வீட்டில் தமிழ் கற்ற பெரியவர் ஒருவர் உவந்து எழுதிக் கொடுத்தார். அதன் தொடக்கம் இது:

ராமன் இல்லத்து மாணவர் நாங்கள்,
நாளும் உழைத்தே வெற்றிகள் காண்போம்.

ஒத்திகையில் முதல் வரி முடிவதற்குள்ளாகவே பின் வரிசையார் சிதறிப் போயினர். இரண்டாம் வரி வெறும் இரைச்சலாயிற்று. இந்தி பேசும் தோழியர் சிரித்தனர். பெண் கண் கலங்கி வீடு திரும்பினாள். “பிழை பாட்டிலா, பிள்ளைகளிடமா? தமிழ்ச் சொல் ஒன்றேனும் அதில் இருக்கலாமா, கூடாதா?” என்று அன்னையார் வினவுகிறார்.

வரிகளில் குற்றம் இல்லை. தாளில் படிப்பதற்கு நல்ல வரிகளே. ஆயினும் தாளில் படிப்பது வேறு, திறந்த வெளியில் இருநூறு தொண்டைகள் ஒரே கணத்தில் எழுப்புவது வேறு. மேற்கண்ட இரண்டு வரிகளையும் ஒருவரே உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். இடையில் மூச்சு விட இடமே இல்லை என்பது புலப்படும். கூட்டத்தில் ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்குவர், வாங்கியவர் பின்தங்குவர், பின்தங்கியவர் அடுத்தவரைப் பார்த்து விரைவர். மூன்று நொடிக்குள் ஒருமை குலைந்துவிடும்.

நம் நாட்டில் மக்கள் கூட்டமாக எழுப்பும் ஒலிகளை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். மலையேறும் அடியார் ஒருவர் “சாமியே” என்கிறார். மற்றவர் “சரணம் ஐயப்பா” என்கின்றனர். பம்பாயில் விநாயகர் ஊர்வலத்தில் ஒருவர் “கணபதி பப்பா” என்றால், தெருவே “மோரியா” என்று அதிர்கிறது. “பாரத் மாதா கீ” என்பதற்கு “ஜெய்” என்ற ஓர் எழுத்தொலியே மறுமொழி. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற “ஹிப் ஹிப்” என்பதற்கும் “ஹுர்ரே” என்பதே விடை. இவை அனைத்திலும் நீளமான பகுதியைத் தனியொருவர் சொல்கிறார். கூட்டத்துக்கு உரியது குறுகியது. அது ஒவ்வொரு முறையும் மாறாதது. தலைவர் சொல்லும் நேரத்தில் கூட்டம் மூச்சு வாங்கிக்கொள்கிறது. ஆகவே கூட்டத்தின் பங்கு நான்கு தாளத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும்; அந்த நான்கிலும் கடைசித் தாளம் மௌனமாக இருத்தல் மிக நன்று. அம்மௌனமே சிதறியவர்களை மீண்டும் ஒன்று சேர்க்கிறது.

அடுத்தது எழுத்தொலி. நம் இலக்கணத்தார் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை, குற்றியலுகரத்துக்கும் அரை என்று வகுத்துள்ளனர். தொலைவில் இருப்பவரை விளிக்கும்போது பெயர்கள் தம் மாத்திரையைக் கடந்து நீண்டு ஒலிக்கும் என்று தொல்காப்பியம் விளிமரபில் கூறுகிறது. மைதானத்தின் எதிர்ப்புறத்தில் ஓடும் பிள்ளைக்குக் குரல் எட்ட வேண்டுமாயின் இவ்விதியே நமக்கு வழிகாட்டும். ஆ, ஏ, ஓ என்னும் திறந்த நெடில்களை வேண்டுமளவு நீட்டலாம். ‘காண்போம்’ என்பது போல வாயை மூடி முடியும் மகர ஈறு தொலைவில் கேட்பதில்லை. ‘பாட்டு’, ‘காற்று’ என்பவற்றின் ஈற்று உகரமோ இரைச்சலில் அடியோடு மறைந்துவிடும். எனவே கூட்டத்தின் கடைசிச் சொல் நெடிலில் முடிவது நலம்.

இனி இல்லங்களின் பெயர்களைப் பார்ப்போம். பல கேந்திரிய வித்தியாலயங்களில் சிவாஜி, தாகூர், அசோகா, ராமன் என்னும் நான்கு பெயர்கள் வழங்குவதை இம்மாத இதழைப் படிக்கும் பெற்றோர் அறிவர். இவற்றுள் தாகூர் இல்லத்தார் கொடுத்து வைத்தவர்கள். இரண்டும் நெடில், ‘தா’ என்பதில் ஒரு கைத்தட்டு, ‘கூர்’ என்பதில் ஒன்று, சிறு குழந்தைக்கும் தவறாது. அசோகாவிலும் சிவாஜியிலும் முதலெழுத்து குறில். எழுச்சி இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. அதனால் ‘அ’ என்பதைத் தட்டுக்குச் சற்று முன்பே சொல்லி, ‘சோ’ என்பதில் தட்ட வேண்டும். பாதிப் பேர் ‘அ’ என்பதிலும் மீதிப் பேர் ‘சோ’ என்பதிலும் தட்டினால் கைத்தட்டு இரட்டிப்பாகக் கேட்கும். ஒத்திகையில் பிழை எங்கே என்று அறிய அதுவே அடையாளம்.

ராமன் என்பதில் முதலெழுத்து வலிமையானது. முடிவோ ‘மன்’ என்று மூக்கில் அடங்குகிறது. நீட்டுவதற்காக ‘ராமா’ என்று திரித்தால் அறிவியலாரின் பெயர் இறைவன் திருப்பெயராக மாறிவிடும். 1930இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர வேங்கட ராமனை நினைந்து வைத்த பெயர் என்பதும் மறைந்துபோம். ஆதலின் பெயரைத் தலைவியிடம் விட்டு, நெடிலைக் கூட்டத்திடம் தருவோம்:

தலைவி: ராமன்! ராமன்!
கூட்டம்: வா! வா! வா!

தலைவியின் பங்கு நான்கு தாளம். ரா, மன், ரா, மன் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. கூட்டத்துக்கு மூன்று ‘வா’, பின்பு ஒரு மௌனம். ஆக எட்டுத் தாளம். ராமனின் ஆராய்ச்சி ஒளியைப் பற்றியது. அதனால் பெண் விரும்பினால் மூன்று முறைக்கு ஒரு முறை “ஒளியாய் ஓடி” என்று தன் பங்கை மாற்றிக்கொள்ளலாம். அதுவும் நான்கு தட்டில் அடங்கும். கூட்டத்தின் பங்கு மட்டும் மாறவே கூடாது.

எவ்வளவு விரைவாகச் சொல்வது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஓட்டப் பாதையின் ஓரமாக நூறு மீட்டர் நீளத்துக்குப் பிள்ளைகள் நின்று, தலைவி ஒரு முனையில் நின்றால், அவள் குரல் மறுமுனையை அடைய மூன்றில் ஒரு பங்கு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அணிவகுப்பு நடையைப் போல நிமிடத்துக்கு 120 தாளம் வைத்தால் ஒரு தாளத்துக்கு அரை நொடிதான். ஆகவே மறுமுனையார் பாதித் தாளத்துக்கு மேல் பின்தங்கியே முழங்குவர். அவர்கள்மேல் பழி இல்லை. தலைவி நடுவில் நின்றால் இத்தாமதம் பாதியாகக் குறையும். தாளத்தை நிமிடத்துக்கு 100 அளவுக்குத் தளர்த்தினால் இன்னும் தெளிவு பிறக்கும். எல்லாவற்றினும் சிறந்த வழி, இல்லத்தின் வண்ணக் கொடியைத் தலைவி ஒவ்வொரு தட்டுக்கும் கீழிறக்குவது. காதுக்குத் தாமதம் உண்டு. இவ்வளவு தொலைவில் கண்ணுக்கு இல்லை. முரசு இருந்தால் அதையும் நடுவிலேயே வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்த முரசு உதவி செய்வதைவிடக் குழப்புவதே அதிகம்.

முழக்கம் எழக்கூடாத வேளை ஒன்றும் உண்டு. ஓட்டம் விடுபவர் வீரர்களை ஆயத்தப்படுத்தி விசில் ஊதும்வரை மைதானம் அமைதியாக இருக்க வேண்டும். இல்லையேல் ஓடுபவருக்குக் கட்டளை கேளாது. தம் இல்லத்துப் பிள்ளையே தாமதமாகக் கிளம்பும். கொடியைத் தலைக்கு மேல் அசையாமல் பிடித்தால் மௌனம் என்று முன்னரே பழக்கி வைப்பது போதும்.

கயிறு இழுக்கும் போட்டியில்தான் முழக்கம் ஆட்டத்தின் முடிவையே மாற்றவல்லது. அங்கே எண்மரும் ஒரே கணத்தில் சாய வேண்டும். அதற்கென ஒருவர் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பார். நம் கடற்கரையில் வலை இழுப்போரின் ‘ஏலேலோ’வுக்கு ‘ஐலசா’ மறுமொழியாக எழுந்ததும் இத்தேவையால்தான். வடக்கே ‘ஜோர் லகா கே’ என்பதற்கு ‘ஹைஷா’ என்பர். சாய்வு விழுவது மறுமொழியின் மேல். இத்தருணத்தில் கூட்டம் ஓட்டப் பந்தயத்துக்குரிய விரைந்த ‘வா வா வா’வை எழுப்பினால், இழுப்பவர்களில் சிலர் குரல் கொடுப்பவரைத் தொடர்வர், சிலர் கூட்டத்தைத் தொடர்வர். தலைகள் வெவ்வேறு வேளையில் தாழ்ந்து எழுவதும், கயிற்றின் நடுக் குறி முன்னும் பின்னும் துடித்தும் நகராமல் நிற்பதும் இதன் அறிகுறிகள். அப்போது தலைவி கொடியைத் தூக்கிக் கூட்டத்தை நிறுத்தி, குரல் கொடுப்பவரின் சொல்லுக்கு மறுமொழியாக மட்டும் மீண்டும் தொடங்கச் செய்ய வேண்டும்.

தலைவியின் தொண்டையைப் பற்றியும் அன்னையார் கவலைப்பட வேண்டும். காலை முதல் ஒருத்தியே கத்தினால் மாலைத் தொடரோட்டத்தின்போது குரல் கம்மிவிடும். மூவரைப் பழக்கி முறை வைத்துக்கொள்ளட்டும். தண்ணீர்ப் புட்டி கையில் இருக்கட்டும்.

தமிழ்ச் சொல் இருக்கலாமா என்பதற்கு வருவோம். தாராளமாக இருக்கலாம். ஆனால் தமிழறியாத நூற்றுத் தொண்ணூறு பேரின் நாவில் அது நிற்க வேண்டும். ‘எழு’ என்பதில் உள்ள ழகரமும், ‘வெற்றி’யில் உள்ள இரட்டை றகரமும் அவர்களுக்கு எளிதில் வாரா, வந்தாலும் ஆளுக்கொரு விதமாக வரும். ‘வா’ என்பதைச் சொல்ல யாருக்கும் பயிற்சி வேண்டாம். இந்திக்காரர் செவிக்கு அது ‘வாஹ்’ என்னும் பாராட்டாகவும் படும். இரு பொருளும் ஓட்டக்காரருக்கு நன்மையே. ‘வீரா’ என்பதும் பெரும்பாலான இந்திய மொழியாளர்க்குப் பழகியதே. கல்கத்தா நேயர்கள் மட்டும் ஒன்றைக் கருத்தில் கொள்க: வங்காளியரின் நாவில் வகரம் பகரமாகும், ‘வீர’ என்பது ‘பீர்’ என்றும், ‘ஜய’ என்பது ‘ஜொய்’ என்றும் வரும். அங்குள்ள பிள்ளைகள் அவ்வூர் ஒலியிலேயே முழங்கட்டும்.

பெரியவர் எழுதிய வரிகளை எறிந்துவிட வேண்டுவதில்லை. விழாத் தொடக்கத்தில் இல்லத்தார் கொடியுடன் அணிவகுத்து வந்து நின்றதும் தலைவி தனித்து நின்று அவற்றைச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் கொடி இறங்க, இருநூறு பேரும் மூன்று ‘வா’ முழங்கட்டும்.