துருவேறிய நட்டு

கருவி பிடித்துச் செய்யும் வேலைகளுக்குக் கைவலிமையே முதன்மையானது என்பது பலருடைய எண்ணம். அதனாலேயே சிறுவர்களையும் பெண்மக்களையும் அவ்வேலைகளின் பக்கம் வரவிடாமல் தடுத்துவிடுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது என்பதைத் திருப்பாச்சூரில் ஒரு வீட்டுத் திண்ணையருகே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று காட்டும்.

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் சாலையை அடுத்துள்ளது திருப்பாச்சூர். அங்கு வாழும் முதியவர் ஒருவரிடம் பழைய மிதிவண்டி ஒன்று இருந்தது. 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அம்பத்தூர் மிதிவண்டித் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத்தின் ஓரத்திலேயே நின்றதால் அதன் இரும்புப் பகுதிகள் துருவேறிவிட்டன. பின்சக்கரத்தின் டயரும் வெடித்திருந்தது. திங்கட்கிழமை முதல் அவருடைய பேத்தி அவ்வண்டியில்தான் பள்ளிக்குச் செல்ல வேண்டும். புதிய டயர் வாங்கியாயிற்று. ஆனால் அதனை மாட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்றுவதற்கோ, அச்சின் இருமுனைகளிலும் உள்ள நட்டுகளைத் தளர்த்த வேண்டும். இடப்பக்க நட்டு எளிதில் தளர்ந்தது. சங்கிலிப் பக்கத்து நட்டு அசையவில்லை.

சனிக்கிழமை மாலை, பேத்தி வாய் அகன்ற ஸ்பானர் ஒன்றை எடுத்து நட்டின்மேல் வைத்து வேகமாக இழுத்தாள். ஸ்பானர் வழுக்கியது. அவளுடைய விரல்முட்டி சங்கிலியில் உரசிச் சிராய்த்தது. நட்டின் ஒரு மூலையும் சற்றே மழுங்கிற்று.

“தாத்தா, எனக்கு வலு போதவில்லை. நீங்களே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்,” என்றாள்.

“வலு போதாமல் இல்லை அம்மா. ஸ்பானர் நட்டுக்குப் பொருந்தவில்லை. ஆறு பக்கங்களையும் ஒருசேரப் பற்றும் வளைய ஸ்பானரை எடு. இன்னொரு முறை வழுக்கினால் மூலைகள் எல்லாம் தேய்ந்துவிடும். பிறகு எந்த ஸ்பானரும் அதனைப் பிடிக்காது,” என்றார் பாட்டனார்.

துரு ஏன் இவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதையும் அவர் விளக்கினார். இரும்பு, நீரோடும் காற்றோடும் கூடித் துருவாகும்போது முன்னிருந்ததைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்கிறது. நட்டின் மரைக்கும் அச்சின் மரைக்கும் இடையே உள்ள இடைவெளியோ மயிரிழை அளவினது. அவ்விடைவெளியில் துரு பருத்து, ஆப்பு அடித்தாற்போல் நிற்கிறது. வலிந்து இழுத்தால் அந்த ஆப்பு மேலும் இறுகும். அல்லது அச்சின் முனையே முறிந்துவிடும். எண்ணெய் உள்ளே புகுந்தால்தான் அந்தப் பிடி தளரும்.

பேத்தி கம்பித் தூரிகையால் வெளித்துருவைத் தேய்த்து அகற்றினாள். இரு பங்கு மண்ணெண்ணெயோடு ஒரு பங்கு இயந்திர எண்ணெயைக் கலந்தாள். மண்ணெண்ணெய் நீர்த்தது, ஆதலால் நுண்ணிய இடுக்கிலும் புகும். இயந்திர எண்ணெய் உலராமல் அங்கேயே தங்கி வழுக்கலைத் தரும். வண்டியைச் சங்கிலிப் பக்கம் மேலாக இருக்கும்படி படுக்கவைத்து, அச்சும் நட்டும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். நிமிர்த்தி வைத்திருந்தால் எண்ணெய் வழிந்து போயிருக்கும். பின்னர், சிறு சுத்தியால் நட்டின் பக்கங்களை மெல்லத் தட்டினாள். அந்த அதிர்ச்சியில் துருவில் வெடிப்புகள் உண்டாகி எண்ணெய்க்கு வழி கிடைக்கும். அச்சின் முனையில் மட்டும் தட்டலாகாது. தட்டினால் மரை நசுங்கிவிடும்.

“இனி என்ன செய்வது?” என்று கேட்டாள்.

“ஒன்றும் செய்யாதே. நீ உறங்கும்போது எண்ணெய் தன் வேலையைச் செய்யும்,” என்றார் அவர்.

பக்கத்து வீட்டார் ஒருவர், நெருப்பில் காட்டினால் உடனே தளருமே என்றார். பாட்டனார் அதற்கு இசையவில்லை. சூட்டினால் நட்டு விரிந்து தளர்வது உண்மையே. ஆனால் மண்ணெண்ணெய் ஊறிய இடத்தில், ரப்பருக்கு அருகில் தீயைக் கொண்டுசெல்வது பேதைமை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீண்டும் எண்ணெய் விட்டுத் தட்டிய பின்னர், பாட்டனார் ஒரு சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தார். அச்சின் முனை, நட்டு, வண்டிச் சட்டம் ஆகிய மூன்றின்மீதும் தொடர்ச்சியாக ஒரு நேர்க்கோடு இழுக்கச் செய்தார். அடுத்து, ஓரடி நீளக் கைப்பிடியுள்ள ஸ்பானரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அரையடிக் கைப்பிடியில் 20 கிலோகிராம் எடையளவு விசை செய்யும் வேலையை, ஓரடிக் கைப்பிடியில் 10 கிலோகிராம் எடையளவு விசையே செய்துவிடும். அதற்கும் நீளமான குழாயைச் செருகினால், அச்சு தாங்கும் எல்லையைக் கை அறியாது.

நட்டை நேர்முகமாகப் பார்த்துக் கடிகாரமுள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். சக்கரத்தின் இரு பக்க நட்டுகளுக்கும் விதி இதுவே. மிதிவண்டியில் இடப்பக்க மிதிகட்டை இதற்கு மாறாகத் திருகப்பட்டது. பேத்தி முதலில் இறுக்கும் திசையில் சிறிதே அழுத்தினாள். துருவின் பிடியை உடைக்க அது உதவும். பின் தன்பக்கமாகச் சீராக இழுத்தாள். நட்டு அசைந்தது.

“தளர்ந்துவிட்டது, தாத்தா!” என்று மகிழ்ந்தாள்.

“கோட்டைப் பார்,” என்றார் அவர்.

நட்டிலும் அச்சிலும் இருந்த கோடு ஒன்றாகவே இருந்தது. சட்டத்திலிருந்த கோடு மட்டுமே தனித்து நின்றது. ஆகவே நட்டு தளரவில்லை. அச்சும் அதனுடன் சேர்ந்து சுழன்றிருக்கிறது என்பதை அவளே உணர்ந்தாள். இடப்பக்க நட்டை மீண்டும் இறுக்கி, அதனை மற்றொரு ஸ்பானரால் பாட்டனாரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இப்போது இழுத்தபோது ‘கிறீச்’ என்று ஒலி எழுந்தது. நட்டின் கோடு அச்சின் கோட்டைவிட்டு ஒரு நெல்லின் அகலம் விலகிற்று.

அவள் தொடர்ந்து இழுக்க முற்பட்டாள். பாட்டனார் தடுத்தார். கால் சுற்றுத் தளர்த்தினால் அரைக்கால் சுற்றுத் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் தளர்த்த வேண்டும் என்றார். ஒரே மூச்சாகத் திருகினால் உதிர்ந்த துருப்பொடி முன்னே திரண்டு மரையை அரித்துவிடும். கைப்பிடி வில்போல வளைந்து கொடுப்பதாகத் தோன்றினால் அச்சு முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். அந்நிலையில் உடனே நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு முயன்றும் இணங்காத நட்டை அறுத்தெடுத்துவிடலாம். நட்டின் விலை சிறிது. அச்சைக் காப்பதே முறை.

முற்பகல் முடியுமுன் நட்டு அவள் உள்ளங்கையில் இருந்தது. டயரை மாற்றி, மரையைத் துடைத்துக் கிரீஸ் தடவினாள். சங்கிலி அரை அங்குலம் தொய்யுமாறு சக்கரத்தை நிறுத்தி, இருபக்க நட்டுகளையும் மாறிமாறி இறுக்கினாள்.

தாமே செய்திருந்தால் பாட்டனார் இவ்வேலையை இன்னும் விரைவில் முடித்திருப்பார். ஆனால் அடுத்த முறையும் பேத்தி அவரையே தேடி வந்திருப்பாள். அவர் ஒரு முறையேனும் ஸ்பானரை அவள் கையிலிருந்து வாங்காததே இந்நிகழ்ச்சியில் கருதத் தக்கது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பிறர் துணையின்றிச் சென்றுவரும் உரிமை அதனால் அவர்களுக்குக் கைவந்தது. வழியில் நின்றுவிட்ட வண்டியைத் தாமே சீர்செய்யவும் அறிந்தால்தான் அவ்வுரிமை முழுமை பெறும். அதற்கு வேண்டியது பெருவலிமை அன்று. பொருந்திய ஸ்பானரும், சிறிது எண்ணெயும், ஓர் இரவுப் பொறுமையும், கருவியைக் கையில் தந்துவிட்டு அருகில் நிற்கும் ஒரு பெரியவரும் போதும்.