கடிதத்தின் முதல் இரண்டு வரி



நான் இந்தப் பணியில் சேர்ந்த புதிதில், 2017ஆம் ஆண்டு, ஒரு கூட்டத்துக்கான அழைப்புக் கடிதத்தை எழுதினேன். கடிதத்தை "யுத்தத்தினால் கணவனை இழந்த அன்புச் சகோதரிக்கு" என்று தொடங்கி, பிரதிகள் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தோம். மறுநாள் ஒரு அக்கா அந்தக் கடிதத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், நான் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறன். இழந்திட்டன் எண்டு நீங்கள் எழுதிப்போட்டீங்கள்."

அவருடைய கணவர் 2009ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து காணாமல் போனவர். நான் அன்பு காட்டுவதாக நினைத்து எழுதிய விளிப்பு, அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளாத ஒன்றை அவர் தலையில் சுமத்தியிருந்தது. கூட்டத்தின் நோக்கம், நேரம், இடம் எல்லாம் அந்தக் கடிதத்தில் சரியாகவே இருந்தன. ஆனால் அவர் முதல் வரியைத் தாண்டி வாசிக்கவில்லை.

அதன்பின் அந்த அக்கா தமது ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரானார். கடிதங்கள் எழுதும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அறிமுகம் இல்லாத அலுவலகத்துக்கு எழுதிய முதற் கடிதம் தொடக்கம், பல வருடம் கூட இருந்து வேலை செய்தவருக்கு எழுதிய கடிதம் வரை அவர் பட்ட அனுபவத்தை, அவருடைய சம்மதத்துடன் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதற் கடிதம் பிரதேச செயலாளருக்கு. ஊரில் பாவனையின்றிக் கிடந்த பொதுக் கட்டடம் ஒன்றைச் சங்கத்தின் தையல் வேலைக்குத் தரும்படி கேட்க வேண்டும். ஊரில் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஒரு பெரியவர் இப்படித் தொடங்கிக் கொடுத்தார்: "கௌரவ ஐயா அவர்கட்கு, காலஞ்சென்ற இன்னாரின் மனைவியாகிய நான், யுத்தத்தின் கொடுமையால் சகலதையும் இழந்து, சொல்லொணாத் துயரத்தில்..." கட்டடத்தைப் பற்றிய பேச்சு இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது.

இதில் மூன்று பிழைகள் இருந்தன. முதலாவது விளிப்பு. "கௌரவ" என்பது அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர் போன்றோருக்கு நாம் வழங்கும் அடைமொழி. அரச உத்தியோகத்தருக்கு "ஐயா" அல்லது "அம்மணி" என்பதே மரியாதை. அப்பதவியில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பது தெரியாவிட்டால் "ஐயா/அம்மணி" என்று எழுதலாம். அதிலும் நல்லது, அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பெடுத்துக் கேட்டுவிடுவது. முகவரியில் ஆளின் பெயரை அல்ல, பதவியின் பெயரை எழுத வேண்டும். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் பதவிக்கு எழுதிய கடிதம் அந்த மேசைக்கே போய்ச் சேரும்.

இரண்டாவது, தொடக்க வரியில் விடயம் இல்லை. கடிதத்தைப் பிரித்து உரிய பிரிவுக்கு அனுப்புபவர் முதலில் தேடுவது, எழுதியவர் யார், எந்தக் கிராம அலுவலர் பிரிவு, என்ன கேட்கிறார் என்ற மூன்றையுந்தான். துயரத்தை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கோரிக்கைக்கு அது ஒரு காரணமென்றால், இரண்டாம் பந்தியில் காரணமாகவே எழுதலாம். வாசலில் வைத்தால் அது கோரிக்கையை மறைத்துவிடும்.

மூன்றாவதுதான் பாரதூரமானது: "காலஞ்சென்ற" என்ற அந்த ஒரு சொல். 2010ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ், காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் பெறும் வழி வந்தது. 2016ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, மரணம் என்று பதியாமல், ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் கூறும் சான்றிதழ் பெறவும் வழி செய்யப்பட்டது. எதைப் பெறுவது, பெறாமல் விடுவது என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தின் தீர்மானம். அந்த அக்கா மரணச் சான்றிதழ் பெறவில்லை. ஆனால் அவர் கையொப்பமிட்ட கடிதத்தின் முதல் வரியே கணவர் காலமாகிவிட்டார் என்று சொன்னது. கடிதம் கோப்பிலே கிடக்கும். நாளைக்கு வேறொரு அலுவலகத்தில் "காணாமல் போனார்" என்று அவர் எழுதும்போது, இரண்டும் முரண்பட்டு நிற்கும். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பாடு அவருக்கே. ஆகவே உங்கள் நிலையைச் சொல்லும் சொல் உங்கள் கையில் உள்ள பத்திரங்களோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் எழுதித் தந்தால், கையொப்பமிட முன்னர் முதல் வரியை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உண்மையில் இந்தக் கடிதத்தில் கணவரைப் பற்றிய பேச்சே தேவையில்லை. எழுதுபவர் சங்கத்தின் செயலாளர். நாங்கள் இருவருமாக இருந்து திருத்தி எழுதியது இதுதான்:

"ஐயா,
பொதுக் கட்டடத்தைத் தையல் வேலைக்குப் பெற்றுக்கொள்ளல்
மேற்படி பிரிவிலுள்ள எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராகிய நான், பாவனையற்றிருக்கும் பொதுக் கட்டடத்தை எமது உறுப்பினர் 14 பேரின் தையல் வேலைக்குத் தந்துதவுமாறு சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்."

பிரிவின் பெயரும் இலக்கமும் மேலே அனுப்புநர் முகவரியில் இருந்தன. கிராம அலுவலரின் ஊடாகக் கடிதம் போனது. ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி அக்கா கோப்பில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதைப் பார்த்து அக்காவுக்குச் சற்று மனவருத்தம். கடிதத்தலைப்பில் "உமது இல." என்று இருந்ததாம். "நாங்கள் தங்கள் எண்டு எழுத, அவை உமது எண்டு எழுதினம்" என்றார். அது அச்சில் வரும் பழைய வழக்கு, எவரையும் தாழ்த்துவதற்கல்ல. அங்கே நாம் பார்க்க வேண்டியது "எனது இல." என்பதன் பக்கத்தில் உள்ள இலக்கத்தை. அது அவர்களது கோப்பின் இலக்கம். நாம் அடுத்த கடிதம் எழுதும்போது அதே இலக்கத்தை "உங்கள் இல." என்று மேலே எழுத வேண்டும். தொடக்க வரியும் மாறும். நம்மை மீண்டும் நீளமாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. "மேற்படி இலக்கமும் இன்ன திகதியும் கொண்ட தங்கள் கடிதம் கிடைத்தது" என்று தொடங்கினால், எழுதுவினைஞர் உடனே பழைய கோப்பை எடுத்துவிடுவார்.

பதிலே வராவிட்டால்? "ஏன் இன்னும் பதில் தரவில்லை" என்று தொடங்கினால், வாசிப்பவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவே பார்ப்பார். "இன்ன திகதியில் இன்ன விடயமாக அனுப்பிய எமது கடிதத்தின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். அதன் தற்போதைய நிலையை அறியத் தரவும்" என்று தொடங்குங்கள். கடிதம் தொலைந்திருந்தாலும் இப்போது அவர் கையில் ஒரு பிரதி இருக்கும்.

பின்னர் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் நேரில் வந்து கட்டடத்தைப் பார்வையிட்டார். ஒருமுறை முகம் பார்த்துப் பேசியபின் "ஐயா/அம்மணி" என்று எழுதினால், தன்னை மறந்துவிட்டார்கள் என்று அவர் நினைக்கக்கூடும். அக்கா இப்போது அவருடைய பெயரைச் சேர்த்து "மதிப்பிற்குரிய ... அவர்கட்கு" என்று எழுதினார். தொடக்க வரி, அன்று நடந்ததைத் தொட்டது: "கடந்த செவ்வாய்க்கிழமை வந்து பார்வையிட்டமைக்கு நன்றி. அன்று தாங்கள் கேட்ட உறுப்பினர் பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன்." நன்றி ஒரு வசனம், காரியம் ஒரு வசனம். அறிமுகம் ஆனவருக்கு அது போதும்.

வருடங்கள் போயின. இப்போது அந்த உத்தியோகத்தருக்கு அக்கா அனுப்பும் வட்ஸ்அப் செய்தி "மிஸ், நாளைக்குக் கூட்டம் 10 மணிக்கோ?" என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் கோப்புக்குப் போகவேண்டிய கோரிக்கை என்றால், இன்றைக்கும் பதவிக்கு எழுதி, பழைய முறையில் "ஐயா/அம்மணி" என்றே தொடங்குகிறார். அந்தக் கடிதத்தை வாசிக்கப்போவது அந்த மிஸ் மட்டுமல்லவே.

இந்த இரண்டு விதமும் கலந்துபோனால் என்ன நடக்கும் என்பதை அக்கா சங்கத்துக்குள்ளேயே கண்டார். பொருளாளர் அவருடைய நெடுநாள் தோழி. முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்ற காலத்திலிருந்து பழக்கம். கடிதமோ துண்டோ எழுதினால் "அன்பின் தங்கச்சி" என்றுதான் தொடங்குவார். சென்ற வருடம் கணக்காய்வுக்கு முன்னர் இரண்டு பற்றுச்சீட்டுகள் காணாமற் போயின. அவற்றை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. அக்கா முறைப்படி, "பொருளாளர் அவர்கட்கு, பற்றுச்சீட்டுகளைச் சமர்ப்பித்தல் தொடர்பாக" என்று எழுதிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்.

தங்கச்சி மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. "களவெடுத்தனான் எண்டு நினைச்சுத்தானே அக்கா இப்பிடி எழுதினவா" என்று என்னிடம் அழுதார். கடிதத்தில் குற்றச்சாட்டு ஒரு சொல்லும் இல்லை. நெருங்கியவரிடம் விளிப்பு திடீரென்று மாறினால், அந்த மாற்றமே ஒரு செய்தியாகிவிடுகிறது. பதவியால் விளித்தது பிழையல்ல. கணக்காய்வுக்குக் காட்டும் கடிதம் அப்படித்தான் இருக்கவேண்டும். முற்கூட்டிச் சொல்லாததுதான் பிழை.

அதன்பின் அக்கா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். உரிமையாய்ப் பழகும் ஒருவருக்கு முறைப்படி கடிதம் எழுத வேண்டி வந்தால், முதலில் நேரில் போய்ச் சொல்கிறார். போக முடியாவிட்டால் கடிதத்தின் மேல் ஒரு சிறு துண்டைக் குத்திவிடுகிறார்: "தங்கச்சி, இது கோப்புக்கு. பின்னேரம் வாறன், இருந்து ஒண்டாத் தேடுவம்." பற்றுச்சீட்டுகள் இரண்டும் அப்படித்தான் தையல் மெசின் லாச்சிக்குள் இருந்து கிடைத்தன.

நானும் அன்றைய அழைப்புக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது எந்தக் கூட்டத்துக்கு அழைத்தாலும் சகோதரிகளின் பெயரை மட்டுமே எழுதுகிறேன். "அன்பின்" என்று தொடங்கி, பெயருக்கு இடம் விட்டு, ஒவ்வொரு பெயரையும் கையால் நிரப்புகிறோம். அறுபது கடிதத்துக்கு ஒரு மணித்தியாலம் செல்கிறது. சென்ற கிழமை அந்த அக்காவும் வந்து கூட இருந்து நிரப்பித் தந்தார்.