பழத்தட்டோடு கட்-ஆஃப் கேட்காதீர்கள்

குறுவை வயல்களில் களையெடுப்பு நடக்கும் நாட்களில்தான் பொறியியல் கவுன்சலிங்கும் நடக்கிறது. ஊரில் ஒரு பிள்ளைக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் தஞ்சைத் தெருக்களில் செய்தி பரவிவிடும். நண்பர்கள் பழத்தட்டோடு வருவார்கள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: “கட்-ஆஃப் எவ்வளவு?” அடுத்தது: “எந்தக் கோட்டா?” இந்த இரண்டையும் வாழ்த்தப்போன வீட்டில் கேட்கவே கூடாது என்கிறோம்.

கட்-ஆஃப் கேட்பவர் மனதுக்குள் தன் பிள்ளையின் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அந்த ஒப்பீட்டைக் கட்-ஆஃப் எண் தாங்காது. கணக்கில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94 வாங்கிய பிள்ளைக்கு, கணக்கை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கூட்டினால் 200-க்கு 189. எதிர்வீட்டுப் பிள்ளை 94, 95, 95 வாங்கியிருந்தால் அதுவும் 189தான். ஆனால் சமமானவர்களில் கணக்கில் கூடுதல் மதிப்பெண் உள்ளவருக்கே முன்னிடம். ஆகவே கடைசி இடம் முதல் பிள்ளைக்குப் போகலாம். எல்லா மதிப்பெண்ணும் பிறந்த தேதியும்கூட ஒன்றாகிவிட்டால், குலுக்கல்போல் கணினி தந்த சமவாய்ப்பு எண்தான் முடிவு செய்யும். இவ்வளவு மெல்லிய கோட்டை வைத்து இரு வீட்டுப் பிள்ளைகளின் திறமையை எப்படி அளப்பது?

கோட்டா கேள்வி இன்னும் கொடியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020-லும் பொறியியல், வேளாண்மை போன்றவற்றில் 2021-லும் சட்டமானது. நடவுக்குப் போகும் தாயின் மகள் அதில் இடம் பெற்றால், அது சட்டப்படி அவளுக்கு உரியது. அவள் எதிரே அதைக் கேட்பது, ‘இது உன் சம்பாத்தியமா?’ என்று கேட்பதுதான்.

பணிவுபோல வரும் ஒப்பீடும் உண்டு. “எங்க பய எங்கே, உங்க பொண்ணு எங்கே!” என்பவர் நண்பரைப் பெருமைப்படுத்துவதாகவே நினைக்கிறார். ஆனால் மகிழ்ச்சியில் இருந்த நண்பர், “அவனுக்கென்னண்ணே, கெட்டிக்காரன்” என்று சமாதானம் சொல்ல வேண்டியதாகிறது. கூட வந்த மகனோ வாசலில் தலைகுனிந்து நிற்கிறான்.

அதற்குப் பதிலாக, இடம் கிடைத்த பிள்ளையிடமே பேச்சைத் தொடங்கலாம். “என்னம்மா, எந்தப் பாடம் எடுத்திருக்கே? ஏன் அது பிடிச்சுது?” என்று கேட்டால் அவளே பேசுவாள். விடியற்காலை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்ட அப்பா பட்ட பாட்டையும் ஒரு வார்த்தை சொல்லலாம். “உங்க பையன் என்ன பண்றான்?” என்று அவர்கள் கேட்டால், “பாலிடெக்னிக் சேர்ந்திருக்கான்” என்ற ஒரு வரி போதும். பெருமையோ புலம்பலோ சேர்க்காமல், “ஹாஸ்டலுக்கு என்னைக்குக் கிளம்புறே?” என்று அந்தப் பெண்ணிடமே திரும்பிவிடலாம்.